பின்னுரித்தாளர் நியமனமும் பின்னாளைய வழக்கும்

எம்பிலிப்பிட்டியவில் தொழிலாளர் குடும்பங்களின் முன் நிகழ்த்திய சொற்பொழிவு



ஒரு மனிதன் உயிரோடிருக்கும் காலத்தில் அவனுடைய பணத்தைப் பற்றி எவர் எதைக் கேட்டாலும் அவனே நேரில் நின்று பதில் சொல்லிவிடலாம். அவன் மரித்த பின்னர் அதே கேள்விகள் எழுமானால், என்றோ ஒரு நாள் அவன் கையொப்பமிட்டு வைத்த காகிதத்தைத் தவிர அவனுக்காகப் பேச வேறொன்றும் இருப்பதில்லை. அத்தகைய காகிதங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். வேலையில் சேரும் நாளில், தோட்டக் காரியாலயத்தில் கிளாக்கர் ஐயா நீட்டும் பல தாள்களோடு ஒன்றாக நம் கைக்கு வந்து, அவர் விரலால் காட்டிய இடத்தில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைத்துக் கொடுத்த பின் ஆயுள் முழுவதும் நம் நினைவுக்கே வராத அந்தப் படிவம், நம் உழைப்பின் சேமிப்பு நமக்குப் பின் யாருக்குச் சேர வேண்டும், எந்த விகிதத்தில் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் பின்னுரித்தாளர் நியமனப் படிவமாகும்.

முதலில், எந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் தனியார் துறையிலும் தோட்டத்துறையிலும் தொழில் செய்கின்ற ஒருவருக்கு, சம்பளத்துக்குப் புறம்பாக மூன்று வகைப் பணம் சேர்ந்துகொண்டே வருகிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி முதலாவது. இதில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும் சேர்கின்றன. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இரண்டாவது; இதில் தொழிலாளியிடம் ஒரு சதமும் கழிக்கப்படாமல், தொழில்கொள்வோரே 3 வீதம் செலுத்துகிறார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்து வருட சேவையேனும் முடித்தவருக்குத் தொழில்கொள்வோர் நேராகக் கொடுக்க வேண்டிய பணிக்கொடை மூன்றாவது. மாதம் 30,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொண்டால், சேமலாப நிதியில் அவருடைய பங்கு 2,400, தொழில்கொள்வோரின் பங்கு 3,600, ஆக மாதம் 6,000 ரூபாவும், நம்பிக்கை நிதியத்தில் 900 ரூபாவும் அவர் பெயரில் சேருகின்றன. வருடக்கணக்கில் வட்டியோடு வளரும் இத்தொகை, லயத்து அறையொன்றில் வாழும் குடும்பம் தன் ஆயுளில் ஒரே தடவையாகக் காணக்கூடிய பெருந்தொகை என்பதில் ஐயமில்லை.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையை விட்டு நின்று, சேமலாப நிதியைத் தாமே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளும்போது எவருக்கும் தகராறு இல்லை. அதற்கு முன்பே மரணம் குறுக்கிட்டுவிட்டால்தான், பணம் யாருடையது என்ற கேள்வி பிறக்கிறது. உயிரோடிருக்கும் அங்கத்தவர் கே படிவத்தில் விண்ணப்பிக்கிறார். அவர் மரித்தபின் அவருக்கு உரியவர்கள் எல் படிவத்தில் விண்ணப்பிக்கிறார்கள். இந்த எல் படிவம் தொழில் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது, அங்கே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர் மரித்தவரை அறியமாட்டார். அவருடைய குடும்பத்தையும் அறியமாட்டார். சேவையில் சேர்ந்தபோது நிரப்பப்பட்ட ஏ.பீ.எச். படிவத் தொகுதியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், இப்போது தம் முன் வைக்கப்பட்டிருக்கும் அத்தாட்சிப் பத்திரங்கள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் மட்டுமே அவர் பார்க்க முடியும். ஆகவே நாம் நிரப்பும் படிவம், நம்மை அறியாத ஒருவர் நாம் இல்லாத காலத்தில் படித்து, வேறெவரையும் கேட்காமல் ஒரு முடிவுக்கு வரத்தக்கதாக இருக்க வேண்டும். இதுவே இன்றைய சொற்பொழிவின் ஒரே கருத்து. இனி வருவன எல்லாம் இதன் விரிவேயாகும்.

இக்கருத்தை விளக்க ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். இங்கிருந்து மலையேறினால் வரும் இறப்பர்த் தோட்டம் ஒன்றில், 22 வயதில் ஓர் இளைஞர் பால் வெட்டும் வேலைக்குப் பதிவாகிறார். அப்போது அவருக்கு விவாகம் ஆகவில்லை; தகப்பனார் காலமாகிவிட்டார்; வீட்டில் தாயாரும் ஒரு தம்பியும் இருக்கின்றனர். பின்னுரித்தாளர் யார் என்று கேட்கப்படுகிறது. அம்மா என்று சொல்லி, முழுப் பங்கையும் தாயின் பெயரில் எழுதுவிக்கிறார். அந்த நாளில் அதைவிடச் சரியான பதில் ஒன்று இருக்க முடியாது. சில வருடங்களில், தோட்டத்துக் கோவிலில் பந்துக்கள் முன்னிலையில் தாலி கட்டி ஒரு பெண்ணை மணக்கிறார். விவாகப் பதிவாளரிடம் போவது அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று தள்ளிப் போய், கடைசி வரை நடக்காமலே போகிறது. ஓர் ஆண் பிள்ளையும் ஒரு பெண் பிள்ளையும் பிறக்கிறார்கள். தாயார் தம்பியின் வீட்டுக்குப் போய்விடுகிறார். 26 வருடம் வேலை செய்த பின், 48 வயதில் அவர் நோயுற்று இறந்துபோகிறார். சேமலாப நிதியில் அவர் பெயரில் 12 லட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது இரண்டு விண்ணப்பங்கள் வருகின்றன. தாயார் தம் பெயர் எழுதப்பட்ட படிவத்தை ஆதாரமாகக் கொள்கிறார். மனைவி தாம் அவரோடு வாழ்ந்த வாழ்வையும், இரு பிள்ளைகளின் ஜனன அத்தாட்சிப் பத்திரங்களையும் ஆதாரமாகக் கொள்கிறார். படிவமே நிலைபெறுமானால், 12 லட்சமும் தாயாருக்கே உரியதாகும். படிவம் நிலைபெறாமல் வாரிசுரிமைச் சட்டத்தின்படி பார்க்க நேருமானால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி உயிரோடிருக்கும் வாழ்க்கைத் துணைக்குப் பாதியும், எஞ்சிய பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். அதாவது மனைவிக்கு 6 லட்சம், பிள்ளைகளுக்குத் தலா 3 லட்சம், பிள்ளைகள் இருப்பதனால் தாயாருக்கு ஒன்றுமில்லை. வடக்கே தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கும், கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட சிங்கள மக்களுக்கும், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் வேறு விதிகள் உண்டு. நம் மலையகத் தமிழருக்குப் பொதுவாக நான் சொன்ன கணக்கே பொருந்தும். இரண்டு வழிகளில் எது நடந்தாலும் ஒரு பக்கம் முழுவதையும் இழக்கிறது. மரித்த மனிதரோ, தாயாரையும் வெறுங்கையோடு விட விரும்பியிருக்கமாட்டார். மனைவி மக்களையும் விட விரும்பியிருக்கமாட்டார். அவருடைய விருப்பம் எந்தக் காகிதத்திலும் இல்லை என்பதே இங்கே நேர்ந்த தீங்கு.

மனைவியின் நிலையில் இன்னுமொரு சிக்கல் இருக்கிறது. வழக்கப்படி நடந்த விவாகத்தை நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதுண்டு. எனினும் ஏற்றுக்கொள்ளச் செய்வதற்குச் சாட்சிகளும் சத்தியக் கடதாசிகளும் காலமும் செலவும் வேண்டும். விவாகப் பதிவுத்துண்டு கையில் இருக்குமானால் ஒரு தாளால் முடியும் காரியம், அது இல்லாதபோது பூசாரியையும் அயலவரையும் கிராம உத்தியோகத்தரையும் தேடி அலையும் காரியமாகிறது. படிவத்திலேனும் அப்பெண்ணை மனைவி என்று அவர் எழுதி ஒப்பமிட்டிருந்தால், விவாகப் பதிவுக்கு அது ஈடாகாவிட்டாலும், கணவன் தன் கையாலேயே செய்த பிரகடனம் ஒன்று அவள் பக்கம் நின்றிருக்கும்.

இதே குடும்பத்துக்கு வரும் பணிக்கொடையைப் பாருங்கள். நாட்சம்பளக்காரருக்கு முடிந்த ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் 14 நாட் சம்பளம் பணிக்கொடையாகக் கணக்கிடப்படுகிறது. அவருடைய நாட்சம்பளம் 1,350 ரூபா என்றால், வருடத்துக்கு 18,900 ரூபாவாக 26 வருடத்துக்கு 491,400 ரூபா வரும். இப்பணத்தைச் சட்டம் மரித்தவரின் வாரிசுகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே சேமலாப நிதிக்கு எழுதிய படிவத்தைக் காட்டித் தாயார் இதைக் கேட்க முடியாது. மனைவிக்கு 245,700 ரூபாவும் பிள்ளைகளுக்குத் தலா 122,850 ரூபாவும் என்பதே முன் சொன்ன வாரிசுரிமைக் கணக்கு. ஒரே மனிதரின் ஒரே உழைப்பில் விளைந்த இரண்டு பணங்கள், இரண்டு வெவ்வேறு சட்டங்களின் வழியே, இரண்டு வெவ்வேறு வீடுகளுக்குப் போகக்கூடும். நம்பிக்கை நிதியத்துக்கோ வேறு சபை, வேறு விண்ணப்பம். தோட்ட உத்தியோகத்தர்களுள் சிலர் சேமலாப நிதிக்குப் பதிலாகத் தோட்ட உத்தியோகத்தர் சேமலாபச் சங்கத்தில் அங்கத்தவராக இருக்கிறார்கள். அதற்குத் தனி விதிகளும் தனி நியமனமும் உண்டு. ஓரிடத்தில் எழுதிய பெயர் எல்லா இடத்துக்கும் செல்லும் என்ற எண்ணம் நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது. அது பிழையான எண்ணம்.

இனிப் படிவத்துக்குள் புகுவோம். அது நம்மிடம் கேட்பன மூன்று: யார், எவ்வளவு, எந்தப் பிரமாணத்தின் மேல்.

யார் என்ற கேள்விக்கு ஒரு பெயரே போதும் என்று நினைக்கிறோம். ஆனால் தோட்டங்களில் ஒருவருக்கு ஒரே பெயர் இருப்பது அபூர்வம். ஜனனப் பதிவில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்துலட்சுமி, செக்ரோலில் லெட்சுமி, பாடசாலைப் பதிவில் வீட்டார் அழைத்த வேறொரு பெயர், விவாகத்துக்கு முன் தகப்பன் பெயரின் முதலெழுத்து, விவாகத்துக்குப் பின் கணவன் பெயரின் முதலெழுத்து. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய பதிவாளர், தம் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போயிருப்பார். பெற்ற தாயைக் கேட்டால் அந்த நால்வரும் ஒருத்தியே என்பாள்; காகிதத்தைக் கேட்டால் நால்வரும் நால்வரே. இதனாலேயே பின்னுரித்தாளரின் பெயரை நாம் வாயால் அழைக்கிறபடி எழுதாமல், அவருடைய தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுத வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் அதன் பக்கத்தில் எழுத வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது எண்களும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும்; 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் பன்னிரண்டு எண்கள் இருக்கின்றன. பெயரில் எழுத்துப் பேதம் இருந்தாலும் இலக்கம் ஒன்றானால் ஆளும் ஒருவரே என்று உத்தியோகத்தர் துணிய முடியும். அடையாள அட்டை பெறும் வயது வராத பிள்ளையானால், ஜனன அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயரையும் பிறந்த திகதியையும் பதிவு இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். பத்திரங்களுக்குள்ளேயே பெயர் முரண்பட்டிருந்தால், இரு பெயர்களாலும் அழைக்கப்படுபவர் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் இப்போதே முடித்து வைப்பது நல்லது. பெயருக்கு உரியவரும் பெயர் வைத்தவரும் உயிரோடிருக்கும்போது எளிதாக முடியும் அக்காரியம், அவர்கள் மறைந்த பின் மிகக் கடினமாகிவிடும்.

யார் என்ற கேள்வியில் முகவரியும் அடங்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நம் குடும்பங்களில் பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாகப் பிரிந்தன; அண்ணன் சபரகமுவையில், தங்கை நீலகிரியில், அப்படித் தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் என்று பிரிந்து வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. கடல் கடந்து போன ஒருவரைப் பின்னுரித்தாளராக எழுதியவர், அவருடைய இன்றைய முகவரியை எழுதாவிட்டால், பணம் இருக்கும். பெற ஆள் இராது. அந்த ஆள் மரித்தே போயிருந்தால், அந்தப் பங்கு மறுபடியும் வாரிசுரிமையை நிரூபிக்கும் வழிக்கே திரும்பும்.

அடுத்தது எவ்வளவு என்பது. இங்கே முதலில் தவிர்க்க வேண்டியது ரூபாக் கணக்கு. தாய்க்கு 2 லட்சம், மீதி மனைவிக்கு என்று எழுதுவோர் உண்டு. நிதியில் உள்ள தொகை மாதந்தோறும் மாறுவது. எழுதிய நாளில் 3 லட்சமாக இருந்தது, இருபது வருடங்களில் பல மடங்காகியிருக்கும். அன்று தாய்க்குப் பெரும்பங்காகக் கருதி எழுதியது இன்று அற்பப் பங்காகிவிடும். பங்கை எப்போதும் நூற்றுக்கு இத்தனை என்று எழுத வேண்டும். எழுதிய பங்குகளைக் கூட்டினால் சரியாக நூறு வர வேண்டும். மூவருக்குச் சமமாகக் கொடுக்க விரும்பி, மூன்று பேருக்கும் 33 என்று எழுதினால் கூட்டுத்தொகை 99. எஞ்சிய ஒன்றுக்கு யார் சொந்தம் என்று கேட்க இடம் வைத்துவிட்டோம். 34, 33, 33 என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை. நான் கற்பித்த உதாரணத்து மனிதர், மனைவிக்கு 50, மகனுக்கு 20, மகளுக்கு 20, தாயாருக்கு 10 என்று ஒரு புதிய படிவம் எழுதியிருந்தால், 12 லட்சத்தில் மனைவிக்கு 6 லட்சமும், பிள்ளைகளுக்குத் தலா 240,000 ரூபாவும், தாயாருக்கு 120,000 ரூபாவும் போயிருக்கும்; வயது போன காலத்தில் தாயாரின் மருந்துக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்; இரண்டு வீடுகளுக்கும் இடையில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்காது.

பங்கைப் பற்றிய கேள்வி அதோடு முடிவதில்லை. எழுதப்பட்டவர்களுள் ஒருவர் அங்கத்தவருக்கு முன்பே இறந்துவிட்டால் அவருடைய பங்கு என்னாகும்? மேற்சொன்ன உதாரணத்தில் தாயார் முந்திப் போய்விட்டால் அந்த 10 வீதம் உரியவரின்றி நிற்கும். அப்படி நேரும்போது செய்யத்தக்கது ஒன்றே: அந்த மரணம் நிகழ்ந்த சில வாரங்களுக்குள் புதிய படிவம் எழுதுவது. பிள்ளைக்கு வயது வராத காலத்தில் பங்கு எழுதுவதானால், வயது வராத பிள்ளை தானே கையொப்பமிட்டுப் பணம் பெற முடியாது என்பதை நினைவில் வைத்து, அப்பங்கை யார் பொறுப்பில் வைக்க விரும்புகிறோம் என்பதையும் சிந்திக்க வேண்டும். தாயும் தந்தையும் ஒரே விபத்தில் போய்விடும் குடும்பங்கள் இல்லாமலில்லை.

மூன்றாவது பிரமாணம். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் அவ்வாசகங்களைப் படிப்பவர் மிகக் குறைவு. தகராறு பெரும்பாலும் அந்த வாசகங்களை மையமாகக் கொண்டே எழுகிறது என்பதனால், இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வழங்கிவந்த எஃப் படிவத்தை நான் உங்களுக்கு ஒரு மாதிரியாகக் காட்ட விரும்புகிறேன். அதில் தொழிலாளி தம் பெயர், சமயம், விவாக நிலை, வேலைச் சீட்டு இலக்கம், வேலையில் சேர்ந்த திகதி, நிரந்தர முகவரி ஆகியவற்றை எழுதுகிறார். பின்னுரித்தாளர் ஒவ்வொருவருக்கும் பெயர், உறவு, வயது, பங்கின் விகிதம் ஆகிய நான்கையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுகிறார். இவர்கள் தம் குடும்பத்தினரே என்று பிரகடனம் செய்கிறார். குடும்பம் இல்லாதவரானால், தமக்குக் குடும்பம் இல்லை என்று பிரகடனம் செய்கிறார். தம் தாய் தந்தையர் தம்மைச் சார்ந்து வாழ்பவர்களா என்பதையும் குறிப்பிடுகிறார். இரண்டு சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். தொழில்கொள்வோர் அப்படிவத்தைச் சரிபார்த்து அத்தாட்சி செய்து, இரண்டு பிரதிகளுள் ஒன்றைத் தொழிலாளியிடமே திருப்பிக் கொடுக்கிறார். பெற்றுக்கொண்டேன் என்று தொழிலாளி ஒப்பமிடுகிறார். குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை எழுதினால் அந்நியமனம் செல்லாது என்பதும், குடும்பம் இல்லாதிருந்தவர் குடும்பம் உண்டான 90 நாட்களுக்குள் புதிய நியமனம் எழுத வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதிகள். 1952ஆம் ஆண்டின் இந்திய வருங்கால வைப்பு நிதித் திட்டமும், விவாகத்துக்கு முன் எழுதிய நியமனம் விவாகத்தோடு செல்லாததாகிவிடும், புதிதாக எழுத வேண்டும் என்றே விதித்தது.

இந்த விதிகள் வேறொரு நாட்டின் விதிகள். அவை நம்மைக் கட்டுப்படுத்தா. ஆனால் ஒவ்வொரு வாசகமும் எந்தத் தகராற்றை முன்கூட்டியே அடைப்பதற்காக எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். உறவைக் குறிக்கச் சொல்வது, இவள் மனைவியா அல்லவா என்ற கேள்வியை அடைக்க. விவாக நிலையைக் கேட்பது, எழுதிய காலத்தில் யார் யார் இருந்தனர் என்ற கேள்வியை அடைக்க. இரண்டு சாட்சி வைப்பது, கையொப்பம் அவருடையதல்ல, எழுதத் தெரியாதவரிடம் வேறெதையோ சொல்லி விரல் அடையாளம் வாங்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை அடைக்க. பிரதியைத் திருப்பிக் கொடுப்பது, படிவம் காரியாலயத்தில் இல்லை என்ற பதிலை அடைக்க. இதிலிருந்து நாம் இங்கேயும் பின்பற்றத்தக்க பழக்கங்களைப் பெறலாம். பெருவிரல் அடையாளம் வைப்பவருக்கு, எழுதியது முழுவதையும் அவருக்குப் புரியும் பாஷையில் வாசித்துக் காட்டிய பின்னரே அடையாளம் வாங்க வேண்டும். சாட்சியாக நிற்பவர் பின்னுரித்தாளராகவோ அவர் வீட்டாராகவோ இருக்கலாகாது. திகதி எழுதாத படிவத்தில் ஒப்பமிடலாகாது. இரண்டு படிவங்கள் கிடைக்குமானால் எது பிந்தியது என்பதைத் திகதி ஒன்றே காட்டும். பெயரை அடித்துத் திருத்திய படிவம் சந்தேகத்துக்கு இடமாகும். பிழை நேர்ந்தால் அத்தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் எழுதுவதே முறை.

நியமனத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். இந்தியாவில் ஓர் ஊழியர், விவாகத்துக்கு முன் தம் தாயாரை நியமித்துவிட்டு, விவாகத்துக்குப் பின் அதை மாற்றாமலே 1990இல் காலமானார். தாயார் படிவத்தின் பேரிலும் மனைவி வாரிசுரிமையின் பேரிலும் பணத்தைக் கோரினர். அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2009இல்தான் தீர்ந்தது. நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெறும் கையேயன்றி அதன் ஏக உரிமையாளர் அல்லர் என்று கொண்டு, நீதிமன்றம் அந்த நாட்டு வாரிசுரிமைப்படி தாய்க்குப் பாதியும் மனைவிக்குப் பாதியும் என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பு அந்நாட்டுச் சட்டத்தின்மேல் எழுந்தது. நம் நாட்டில் இதே கேள்வி எழுந்தால் நம் சட்டத்தின்படியே தீர்க்கப்படும். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது காலத்தை. மரித்தது 1990, தீர்ந்தது 2009. ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து வேலைக்குப் போகும் வயதை அடையும் காலம் அது. விவாகத்தின் மறுநாள் எழுதத்தக்க ஒரு பக்கப் படிவம் எழுதப்படாததால் வழக்கு அத்தனை காலம் நீண்டது. எனவே படிவம் சட்டத்துக்கு ஈடாகாது. ஆனால் குடும்பத்தின் உண்மை நிலையோடு ஒத்திருக்கும் படிவத்தின்மேல் வழக்குத் தொடுக்க ஒருவருக்கும் காரணம் இராது. வாரிசுரிமையும் நியமனமும் ஒரே திசையைக் காட்டும்போது தகராறு பிறப்பதில்லை. இரண்டும் எதிர்த்திசைகளைக் காட்டும்போதுதான் பிறக்கிறது. வேண்டுமென்றே சட்டப் பங்குக்கு மாறாக எழுத விரும்புவோர், அதை வீட்டாருக்கு உயிரோடிருக்கும்போதே சொல்லிவிடுவது விவேகம்.

தோட்டத்துறைக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லி முடிக்க வேண்டும். நம் தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே லயத்தில், ஒரே மலையில் ஆயுள் முழுவதும் வேலை செய்தவருக்கும் காகிதத்தில் தொழில்கொள்வோர் மாறியிருக்கிறார். தோட்டத்தை விட்டு இங்கே எம்பிலிப்பிட்டியவில் கடதாசி ஆலையிலோ, கடையிலோ, வாகனத்திலோ வேலைக்கு வந்தவருக்கும் அப்படியே. தொழில்கொள்வோர் மாறினால் சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கமும் மாறுகிறது. ஆகவே ஒருவர் பெயரில் இரண்டு மூன்று இலக்கங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒவ்வொரு காலத்தில் எழுதிய ஒவ்வொரு படிவமும் இருக்கலாம். முதல் வேலையில் தாய், இரண்டாம் வேலையில் மனைவி என்றால், மனைவி தமக்குத் தெரிந்த ஓர் இலக்கத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, மற்ற இலக்கத்தில் பணம் இருப்பதையே அறியாமல் போய்விடக்கூடும். இதற்கு மருந்து, எல்லா இலக்கங்களையும் ஒரே தாளில் எழுதி வீட்டில் வைப்பதும், உயிரோடிருக்கும்போதே அவற்றை அடையாள அட்டையின் அடிப்படையில் ஒன்றாக இணைக்கும்படி விண்ணப்பிப்பதும் ஆகும்.

அன்பர்களே, நீங்கள் வீடு திரும்பியதும் உங்கள் அடையாள அட்டையையும், மனைவி அல்லது கணவனின் அட்டையையும், பிள்ளைகளின் ஜனனப் பத்திரங்களையும் ஒரு பாயில் பரப்பிப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். விவாகம் பதிவாகாதிருந்தால் முதலில் அதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த சம்பள நாளில் காரியாலயத்துக்குப் போய், என் பின்னுரித்தாளராக யார் பெயர் இருக்கிறது, என்ன திகதியில் எழுதியது, அதன் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேளுங்கள். உங்கள் படிவம் விவாகத்துக்கு முன்பு எழுதியதானால், பின்னுரித்தாளர் இறந்தவரானால், அல்லது பங்குகளின் கூட்டுத்தொகை நூறு ஆகாவிட்டால், அன்றே புதிய படிவம் கேட்டு வாங்கி, நூற்றுக்கு இத்தனை என்று எழுதி, பங்காளிகள் அல்லாத இரண்டு பேர் சாட்சியாகத் திகதியோடு ஒப்பமிட்டுக் கொடுத்து, அதன் பிரதியை வீட்டில் உள்ள எல்லாரும் அறிந்த ஓர் இடத்தில் வையுங்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள்; சம்பள உயர்வுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போகும்போது, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு நாளை இந்தப் படிவங்களைப் புதுப்பிப்பதற்கென்று ஒதுக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.